4,860 இலிருந்து 2,710: மருந்து வேலை செய்கிறதா?

கேள்வி:

டொக்டர், நான் கிண்ணியாவில் இருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 44 வயது. தம்பலகாமத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை. சின்ன வயதில் இருந்தே தொய்வு. பம்ப் ஒழுங்காக எடுத்தும் போன ஒன்றரை வருடமாக மாதம் ஒரு தரம் ஆஸ்பத்திரிதான். ஐந்து நாளைக்கு பிரெட்னிசலோன் தருவார்கள், சுகமாகும், மூன்று கிழமையில் திரும்பவும் வரும். சளியில் பழுப்பு நிறக் கட்டிகள் வந்தன. எக்ஸ்ரேயில் நிழல் இருக்கிறது, காசநோயாக இருக்கலாம் என்றார்கள். சளியில் கிருமி இல்லை. கடைசியில் நெஞ்சு நோய் டொக்டர் ஒருவர் ஐஜிஇ பார்த்தார், 4,860. இயோசினோபில் 14 வீதம். பூஞ்சணத்தால் வந்த ஒவ்வாமை என்று சொல்லி, பிரெட்னிசலோன் 30 மில்லிகிராமில் தொடங்கி நான்கு மாதம் எடுக்கச் சொன்னார். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. ஆள் நல்லாத்தான் இருக்கிறார். ஆனால் ஐஜிஇ இன்னும் 2,710. ரிப்போர்ட்டில் 100க்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. இவ்வளவு கூட இருக்கும்போது ஏன் மருந்தைக் குறைக்கிறார்? பூஞ்சணம் என்றால் ஏன் அதற்கு மருந்து தரவில்லை? ஸ்டீரொய்ட் கிட்னியைப் பழுதாக்கும் என்று எல்லோரும் பயப்படுத்துகிறார்கள். நோன்பும் வருகிறது.

பதில்:

மருந்து வேலை செய்கிறது, சகோதரி. அதற்குச் சாட்சியே அந்த 2,710 தான்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் 100 என்ற எல்லை, ஒவ்வாமை எதுவும் இல்லாத ஆட்களுக்கானது. உங்கள் கணவருக்கு வந்திருக்கும் நோயில் அந்த எண் 100க்கு வருவதில்லை. வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. பார்ப்பது ஒன்றைத்தான்: தொடங்கிய இடத்தில் இருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது? எட்டுக் கிழமையில் ஐந்தில் ஒரு பங்காவது இறங்கினால், கூடவே மூச்சும் எக்ஸ்ரேயும் தேறியிருந்தால், மருந்து பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். 4,860இல் ஐந்தில் ஒரு பங்கு 972. உங்கள் கணவருக்கு இறங்கியிருப்பது 2,150. அதாவது 44 வீதம். இது நல்ல இறக்கம்.

ஏன் ஒரேயடியாக இறங்குவதில்லை என்று கேட்பீர்கள். ஐஜிஇ என்பது ஒவ்வாமைக்காக உடம்பு செய்யும் ஒரு புரதம். ரத்தத்தில் அது இரண்டு மூன்று நாளில் பாதியாகக் கரைந்துபோகும். ஆனால் அதைச் செய்துகொண்டே இருக்கும் கலங்களில் ஒரு பகுதி நெடுங்காலம் உயிரோடு இருக்கும். ஸ்டீரொய்ட் அவற்றை அழிப்பதில்லை. புதிதாக மூண்ட அழற்சியை அணைக்கிறது, அவ்வளவுதான். அடுப்பை அணைத்த பிறகும் கல் சூடாக இருப்பது போல, எண் மெதுவாக இறங்கி எங்கோ ஓர் இடத்தில் நிற்கும். சிலருக்கு அது 800, சிலருக்கு 2,000. அந்த நிற்கும் இடம்தான் இனி அவருடைய சொந்த அளவு. 100ஐத் துரத்திக்கொண்டு குளிசையைக் குறைக்காமலே போனால், நோய் அடங்கிய ஒருவருக்கு வருடக்கணக்கில் ஸ்டீரொய்ட் போய்க்கொண்டிருக்கும். அப்படி இரண்டு வருடம் சாப்பிட்டு, முகம் வீங்கி, முதுகெலும்பு ஒன்று நொறுங்கிய பிறகு என்னிடம் வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் கையிலும் இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்தான் இருந்தது. ஆகவே உங்கள் டொக்டர் குறைப்பது சரி.

இனி நோய்க்கு வருவோம். பெயர் நீளமானது: அலர்ஜிக் ப்ராங்கோபல்மனரி அஸ்பெர்ஜிலோசிஸ். நாங்கள் சுருக்கி ஏ.பி.பி.ஏ. என்போம். 1952இல் இங்கிலாந்தில் முதலில் விவரிக்கப்பட்டது. அஸ்பெர்ஜில்லஸ் பியூமிகேட்டஸ் என்ற பூஞ்சணம்தான் பெரும்பாலும் காரணம். அது எங்கோ இருந்து வருவதில்லை. ஈர வைக்கோல், மக்கும் இலை, மழையில் நனைந்து உள்ளே சூடேறிய உமிக் குவியல், சாக்கின் அடியில் கறுத்த நெல், இங்கெல்லாம் அது இருக்கிறது. அதன் வித்துகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவுதான். நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், சுவாசக்குழாய் அவற்றைத் துடைத்து வெளியே தள்ளிவிடுகிறது.

தொய்வுக்காரரின் சுவாசக்குழாயில் சளி தடிப்பாக இருக்கும். அதில் ஒட்டிய வித்து, துடைபடாமல் அங்கேயே முளைக்கிறது. முளைத்தாலும் அது தசைக்குள் துளைத்துப் போவதில்லை, சளிக்குள்ளேயே இருக்கிறது. இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுடைய மற்றக் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. சேதத்தைச் செய்வது பூஞ்சணம் அல்ல, அதைக் கண்டு கொதித்தெழும் உடம்பு. ஐஜிஇ ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. இயோசினோபில் என்ற வெள்ளைக் கலங்கள் கூட்டமாக வந்து சுவாசக்குழாயில் இறங்குகின்றன. அவை சிதைந்து சளியை இன்னும் பசையாக்குகின்றன. அது குழாய்க்குள் இறுகி அடைப்பு ஆகிறது. அவர் துப்பிய பழுப்புக் கட்டிகள் அந்த அடைப்புகள்தான். சில வேளை குழாயின் அச்சு அப்படியே தெரியும், சின்ன விரல் நுனி போல. நோயாளி அதைச் சொல்லும்போது நாங்கள் 'சளிதானே' என்று கடந்து போய்விடுகிறோம். இனி அப்படி ஒன்று வந்தால் ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஒன்றரை வருடம் ஏன் பிடிபடவில்லை? அந்த ஐந்து நாள் குளிசையில்தான் சங்கதி இருக்கிறது. தொய்வு கூடும்போது ஐந்து நாள் பிரெட்னிசலோன் கொடுப்பது சரியான வைத்தியம். ஆனால் ஏ.பி.பி.ஏ. உள்ளவருக்கு அது நோயைப் பாதி அணைத்துவிட்டு நிறுத்துவது. சளி இளகும், மூச்சு வரும், வீட்டுக்குப் போவார். அடைப்பு முழுதாகக் கரைந்திருக்காது. மூன்று கிழமையில் திரும்பி வருவார். அதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. பிரெட்னிசலோன் உள்ளே போன சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இயோசினோபில் விழுந்துவிடும். ஆஸ்பத்திரியில் முதல் குளிசை கொடுத்த பிறகு, அடுத்த நாள் காலை ரத்தம் எடுப்பார்கள். எண்ணிக்கை சாதாரணம் என்று வரும்.

நானே இதில் விழுந்திருக்கிறேன். மூதூரில் இருந்து வந்த ஓர் அம்மா, தொய்வு அடங்காமல். இயோசினோபில் 180 என்று ரிப்போர்ட். ஒவ்வாமை வகை இல்லை என்று முடிவு கட்டி, பம்பின் அளவை மட்டும் கூட்டி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் வந்தபோது கிளினிக் கொப்பியைப் பின்னால் புரட்டினேன். ரத்தம் எடுத்ததற்கு இரண்டு நாள் முன்னால் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் தொடங்கியிருந்தது. இன்னும் பின்னால் போனால், மூன்று வருடத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்த ரத்தத்தில் இயோசினோபில் 1,600. யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும்தான். அதனால் சொல்கிறேன், பழைய ரிப்போர்ட்டுகளை எறியாதீர்கள். ஸ்டீரொய்ட் தொடங்குவதற்கு முந்திய ஓர் எண்ணிக்கை, பிறகு எடுத்த பத்தை விடப் பெறுமதியானது.

உங்கள் கணவரின் எண்ணையும் கணக்குப் பார்ப்போம். 14 வீதம் என்பது பாதிச் செய்திதான். மொத்த வெள்ளைக் கலங்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று அதே தாளில் இருக்கும். அது 10,200 என்று வைத்துக்கொள்வோம், 14 வீதம் என்றால் 1,428. இந்த நோய்க்கு நாங்கள் தேடும் எல்லை 500. வெள்ளைக் கலங்கள் 4,000 மட்டுமே உள்ள ஒருவருக்கு 10 வீதம் என்றால் 400 தான். ஆகவே வீதத்தை மட்டும் பார்த்து பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் ஐஜிஇயும் இயோசினோபிலும் கூடியிருப்பது மட்டும் நோயை முடிவு செய்யாது. இரண்டும் வேறு காரணங்களாலும் ஏறும். தோல் கரப்பான் இருந்தாலும், வயிற்றில் புழு இருந்தாலும் ஏறும். யானைக்கால் புழுவால் வரும் ஒரு நெஞ்சு நோயும் இப்படியே இருக்கும். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. அதனால் இப்போது அது அபூர்வம்தான், ஆனாலும் நினைவில் வைத்திருப்போம். முடிவைத் தருவது, அஸ்பெர்ஜில்லஸுக்கு எதிராகவே உடம்பு செய்யும் ஐஜிஇ. அதைத் தனியாக அளக்கலாம். 0.35க்கு மேல் இருக்க வேண்டும். அதோடு மொத்த ஐஜிஇ கூடியிருக்க வேண்டும். முன்பு 1,000 என்று வைத்திருந்தார்கள், 2024இல் வந்த சர்வதேச நிபுணர் குழுவின் திருத்தத்தில் 500 ஆக்கினார்கள். இந்த இரண்டும் இருந்து, இயோசினோபில் கூடியிருப்பது, அஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம், ஸ்கானில் பொருத்தமான மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டும் இருந்தால் ஏ.பி.பி.ஏ. என்று சொல்வோம்.

உங்கள் கடிதத்தில் மொத்த ஐஜிஇ மட்டும்தான் இருக்கிறது. அஸ்பெர்ஜில்லஸுக்கான தனிச் சோதனை செய்யப்பட்டதா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். பெரும்பாலும் செய்திருப்பார்கள், தாள் வேறு கோப்பில் இருக்கும். செய்யாமல் இருந்தால் இப்போதும் செய்யலாம். ஸ்டீரொய்ட் இயோசினோபிலை மறைப்பது போல அதை மறைப்பதில்லை, இரண்டு மாதத்தில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் 0.35க்கு மேலேதான் இருக்கும். இன்னொன்று, ஒரு லேப்பில் இருந்து இன்னொரு லேப்புக்கு மாறினால் அலகைப் பாருங்கள். சில லேப்புகள் ஐஜிஇயை நனோகிராமில் தரும். ஓர் அலகு 2.4 நனோகிராம். 2,710 அலகு அங்கே 6,504 என்று வரும். அதைப் பார்த்து நோய் இரண்டு மடங்கு ஏறிவிட்டது என்று இரவு முழுக்க அழுத ஒரு மகளுக்கு நான் தொலைபேசியில் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தேன். முடிந்தவரை ஒரே லேப்பில் எடுங்கள்.

காசநோய்ச் சந்தேகம் வந்ததில் டொக்டர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் மேல் நுரையீரலில் நிழல், இருமல், மெலிவு என்றால் முதலில் அதைத்தான் தேட வேண்டும். சளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து இல்லை என்று உறுதி செய்ததும் நல்லது, ஏனென்றால் காசநோயை உள்ளே வைத்துக்கொண்டு ஸ்டீரொய்ட் கொடுத்தால் அது பற்றி எரியும். பிழை நடப்பது அடுத்த படியில். கிருமி கிடைக்காமலே, நிழலை மட்டும் வைத்து ஆறு மாத மருந்து தொடங்குகிறார்கள். ஏ.பி.பி.ஏ. நோயாளிகளில் பலர் இந்தப் பாதையில் ஒரு தரம் போய்த்தான் வருகிறார்கள். அந்த மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின், பிரெட்னிசலோனை ஈரல் வேகமாக அழிக்கும்படி செய்துவிடும். குளிசை போட்டாலும் பாதி வேலைதான் செய்யும்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பழைய எக்ஸ்ரேக்களை வரிசையாக வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஏ.பி.பி.ஏ. நிழல் நடக்கும். மார்ச் மாதத்தில் வலது மேல்பக்கம், ஜூலையில் அது காணாமல் போய் இடது நடுவில், நவம்பரில் திரும்பவும் வலதில். அடைப்பு எந்தக் குழாயில் விழுகிறதோ அங்கே நுரையீரல் சுருங்கும், கட்டி வெளியே வந்ததும் விரியும். காசநோய் இப்படி நடமாடாது. சி.ரி. ஸ்கான் எடுத்தால் இன்னும் தெளிவு. நடுப்பகுதிக் குழாய்கள் விரிந்திருக்கும். சிலருக்கு உள்ளே இருக்கும் சளி பக்கத்துத் தசையை விட வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. விரிந்த குழாய்கள் பழையபடி சுருங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்யக்கூடியது, இனிமேல் புதிதாக விரியாமல் பார்ப்பது.

இப்போது குளிசை. 30 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது? உடம்பின் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்பது கணக்கு, அவர் 60 கிலோ அளவில் இருப்பார். முன்பு இன்னும் கூடக் கொடுத்தார்கள். ஒரு வருடம் பார்த்தால் நடு அளவே போதும், பக்க விளைவும் குறைவு என்று ஆய்வில் தெரிந்ததும் இந்த அளவுக்கு வந்தோம். பொதுவாக முதல் நான்கு கிழமை 30, அடுத்த நான்கு கிழமை அதில் பாதி, பிறகு அதிலும் பாதி, கடைசியில் 5, பிறகு நிறுத்தம், எல்லாம் சேர்ந்து நான்கு மாதம். உங்கள் டொக்டரின் படிகள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கலாம், அவர் எழுதியதையே பின்பற்றுங்கள்.

கிட்னியை இந்தக் குளிசை பழுதாக்காது. கிட்னி நோய்கள் சிலவற்றுக்கு நாங்கள் கொடுக்கும் மருந்தே இதுதான். பயப்பட வேண்டிய இடம் வேறு. முதலாவது சீனி. காலையில் குளிசை போட்டால் சீனி ஏறுவது பின்னேரத்தில்தான், விடியற்காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல எண் வரும், ஏமாந்துபோவோம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிரஷர், நித்திரைக் குறைவு, எரிச்சல். வீட்டில் காரணமில்லாமல் சீறினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், குளிசை குறையக் குறைய அதுவும் குறையும். எலும்புக்குக் கல்சியமும் விற்றமின் டியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, திடீரென்று நிறுத்தக் கூடாது. மூன்று கிழமைக்கு மேல் எடுத்தால், உடம்பு தானாகச் செய்யும் ஸ்டீரொய்டைச் செய்யாமல் தூங்கிவிடும். அது விழிக்க நேரம் வேண்டும். நடுவில் வாந்தியோ கடும் காய்ச்சலோ வந்து குளிசை தங்காவிட்டால், வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டீரொய்ட் எடுப்பவர் என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

நான் உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அவர் வயலிலோ ஆலையின் பின்பக்கத்திலோ வெறுங்காலோடு நடப்பவரா? மண்ணில் இருந்து பாதத் தோல் வழியாக ஏறும் ஸ்ட்ரொஞ்சிலொயிடஸ் என்ற ஒரு சின்னப் புழு உண்டு. அதுவும் இயோசினோபிலைக் கூட்டும், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். ஸ்டீரொய்ட் போனதும் கட்டுக்கடங்காமல் பெருகி உடம்பெல்லாம் பரவும், உயிருக்கே ஆபத்து. ஐவர்மெக்டின் என்ற மருந்தால் அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். சாதாரணப் பூச்சிக் குளிசை ஒன்று போட்டோம் என்பது இதற்குப் போதாது. தொடங்குமுன் இது பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டு மாதம் நன்றாகப் போயிருப்பதால் பதற வேண்டாம், ஆனால் வயிற்றுவலியோ ஊரும் தடிப்போ வந்தால் உடனே சொல்லுங்கள்.

சரி, பூஞ்சணத்துக்கு மருந்து ஏன் இல்லை? இருக்கிறது, இட்ராகொனசோல். அதைத் தனியாகவே கொடுத்தும் இந்த நோயை அடக்கலாம். சண்டிகாரில் 131 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். பிரெட்னிசலோன் எடுத்த எல்லோருக்கும் சரிவந்தது, இட்ராகொனசோல் எடுத்தவர்களில் 88 வீதமானவர்களுக்கு. பக்க விளைவு இட்ராகொனசோலில் குறைவு. ஆகவே சீனி கட்டுக்கடங்காதவருக்கு நான் அதைத்தான் முதலில் யோசிப்பேன். உங்கள் கணவரைப் போல மாதா மாதம் மூச்சு அடைத்து வருபவருக்குப் பிரெட்னிசலோன் சீக்கிரம் வேலை செய்யும். கொதிப்பு அடங்கிச் சளி இளகினால், பூஞ்சணத்துக்கு ஒட்டிக்கொள்ள இடமும் போய்விடும்.

பின்னொரு நாள் இட்ராகொனசோல் எழுதப்பட்டால் பம்பைக் கையில் எடுத்துப் பெயரை வாசியுங்கள். அதில் பியூடசொனைட் அல்லது புளூட்டிகசோன் என்றிருந்தால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பம்பில் உள்ள கொஞ்ச ஸ்டீரொய்ட் ரத்தத்தில் தேங்கி, குளிசை சாப்பிட்டது போல முகம் வீங்கும். பெக்லோமெதசோன் பம்ப் என்றால் அந்தக் கரைச்சல் குறைவு. வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் போடுபவரானால் அதையும் சொல்லுங்கள், இட்ராகொனசோல் கப்சியூல் உடம்பில் சேராமல் போகும்.

இதை வாசித்துவிட்டு, பம்ப் எதற்கு என்று அவர் கேட்கக்கூடும். பம்ப் ஏ.பி.பி.ஏ.யை அடக்காது, உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் தொய்வை அதுதான் பிடித்துவைத்திருக்கிறது. நிறுத்தினால் சளி திரும்பவும் தடிக்கும்.

நோன்பைப் பற்றி: பிரெட்னிசலோன் நாளுக்கு ஒரு வேளைதான், ஸஹர் சாப்பாட்டோடு போடலாம். காலையில் போடுவதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சீனி ஏறியிருந்தால், அல்லது நோன்பு நேரத்தில் தொய்வு கூடினால், அந்த நாட்களை விட்டுப் பிறகு நோற்பதைப் பற்றி டொக்டரோடும் மௌலவியோடும் பேசி முடிவெடுங்கள். இந்த வருடம் குளிசையை விட்டுவிட்டு நோன்பைப் பிடிப்பது மட்டும் வேண்டாம்.

நான்கு மாதம் முடிந்ததும் ஐஜிஇயை ஒரு தரம் எடுங்கள். அது 1,800 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். பிறகு மூன்று மாதம் தொடக்கம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள். அந்த அளவில் இருந்து பாதிக்குப் பாதி ஏறி, அதாவது 2,700ஐத் தாண்டி, கூடவே இருமலோ பழுப்புக் கட்டியோ எக்ஸ்ரேயில் புது நிழலோ வந்தால் நோய் திரும்பிவிட்டது. இது திரும்பிவருவது சாதாரணம், பலருக்கு வரும், திரும்பவும் வைத்தியம் செய்வோம். எண் மட்டும் ஏறி ஆள் நன்றாக இருந்தால், கூடிய கவனத்தோடு பார்த்திருப்போமே தவிர, குளிசை தொடங்க மாட்டோம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஊசி மருந்துகள் இருக்கின்றன, ஒமலிசுமாப் போன்றவை. விலை கூட, இப்போது உங்களுக்கு அது தேவையில்லை.

கடைசியாக ஆலை. வேலையை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, விட்டாலும் வித்துகள் காற்றில் இருக்கத்தான் போகின்றன. ஆனால் எல்லா வேலையும் ஒன்றல்ல. நெல் அரைக்கும் இடத்தில் நிற்பதற்கும், மாரி மழையில் நனைந்த உமிக் குவியலைக் கிளறுவதற்கும் நிறைய வித்தியாசம். கிளறும்போது ஒரு நொடியில் வெளியேறும் வித்துகள், ஒரு நாள் முழுக்கச் சுவாசிப்பதை விடக் கூட இருக்கும். முதலாளியிடம் கேட்டு, குவியல் கிளறுவதையும் பழைய சாக்கு உதறுவதையும் களஞ்சியம் கூட்டுவதையும் வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்துவிட்டு, முகத்தோடு இறுக ஒட்டும் என்95 முகக்கவசத்தோடு கூட்டட்டும். வாயைச் சுற்றிக் கட்டும் துவாய் இந்த அளவு வித்தைத் தடுக்காது. வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் போடுவது அவர் வேலையானால், மாரி முடியும்வரை அதை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.